29 நிமிடமா, 18 நிமிடமா?

உணவு ஆப்பில் ஆர்டர் போட்ட மறுநொடியே திரையில் ஒரு நேரம் வந்து நிற்கிறது. இன்னும் இத்தனை நிமிடத்தில் சாப்பாடு வாசலுக்கு வந்துவிடும் என்கிற கணக்கு அது. பழைய ஆர்டர்களை லட்சக்கணக்கில் பார்த்துப் பழகிய ஒரு மெஷின் லேர்னிங் மாடல்தான் அந்தக் கணக்கைப் போடுகிறது. ஆர்டர் கொடுத்த நேரம், சாப்பாடு போய்ச்சேர வேண்டிய இடம், அந்த உணவகத்தின் சமையலறை இப்போது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பது போன்ற சில எண்களை உள்ளே கொடுத்தால், அது நிமிடக் கணக்கு ஒன்றைத் திருப்பித் தருகிறது. உள்ளே போகும் இந்த எண்களைத்தான் இத்துறையில் ஃபீச்சர் என்கிறார்கள்.

ஊபர் நிறுவனம் மைக்கேலாஞ்சலோ என்ற தன் மெஷின் லேர்னிங் தளத்தைப் பற்றி 2017 செப்டம்பரில் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டது. அதில் விளக்கத்துக்கு எடுத்துக்கொண்டது ஊபர் ஈட்ஸின் இந்த நேரக் கணிப்பைத்தான். அதற்குப் போகும் ஃபீச்சர்கள் மூன்று விதம் என்று அந்தக் கட்டுரை சொல்கிறது. ஆர்டரோடு கூடவே வருபவை ஒரு விதம்: மணி என்ன, எங்கே கொண்டுபோக வேண்டும் என்பவை. கடந்த ஏழு நாட்களில் அந்த உணவகம் ஒரு ஆர்டரைத் தயாரிக்கச் சராசரியாக எடுத்துக்கொண்ட நேரம் போன்றவை இரண்டாவது விதம். கடந்த ஒரு மணி நேரத்தின் சராசரி போல, நிமிடத்துக்கு நிமிடம் மாறுபவை மூன்றாவது விதம்.

இந்த மூன்றாவது விதத்தில்தான் வம்பு தொடங்குகிறது. எல்லா நிறுவனங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கும் கதை இது. மாடலைப் பயிற்றுவித்த குழு, தனியாக எடுத்துவைத்த பழைய ஆர்டர்களில் அதைச் சோதித்துப் பார்க்கிறது. பிழை மிகக் குறைவு. எல்லோருக்கும் திருப்தி. மாடல் ஆப்பில் ஏறுகிறது. அன்று இரவே சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு வரவில்லை என்று புகார்கள் குவிகின்றன. மாடலில் யாரும் கை வைக்கவில்லை. சர்வரும் சரியாகவே ஓடுகிறது. பிழைச் செய்தி எதுவும் எங்கும் பதிவாகவில்லை.

உலகம் மாறிவிட்டதால் மாடல் பிசகுவது வேறு நோய். பண்டிகைக் காலம் வருகிறது, புதிய பேட்டையில் கடை திறக்கிறார்கள், மக்களின் பழக்கம் மாறுகிறது. பழைய தரவில் படித்த மாடல் மெல்ல மெல்லத் தடுமாறத் தொடங்குகிறது. அதை டிரிஃப்ட் என்பார்கள். இங்கே அப்படி இல்லை. முதல் நாளே, முதல் இரவே பிசகுகிறது. பயிற்சியின்போது மாடலுக்குக் கொடுத்த எண்ணும், வேலை நேரத்தில் கொடுத்த எண்ணும் ஒரே பெயரைத் தாங்கிய வெவ்வேறு எண்களாக இருந்துவிட்டன. வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது இன்னொரு படி என்று அளந்தால் கணக்கு எப்படித் தேறும்? இதற்குத்தான் டிரெயினிங்-சர்விங் ஸ்க்யூ என்று பெயர்.

எண் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பதை ஒரு மாலைப் பொழுதை வைத்து நிதானமாகப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவைதான். ஆனால் கோளாறு இப்படியேதான் நிகழும்.

ஓர் உணவகம் மாலை 7 மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறது. 7:05க்கு வந்த முதல் ஆர்டர் 15 நிமிடத்தில் தயார். 7:12க்கு வந்தது 18 நிமிடம் பிடிக்கிறது. 7:25க்கு வந்தது 20 நிமிடம். பிறகு கூட்டம் கூடுகிறது. 7:38க்கு வந்த ஆர்டர் 35 நிமிடம் கழித்து, அதாவது 8:13க்குத்தான் தயாராகிறது. 7:45க்கு வந்தது 40 நிமிடம் எடுத்துக்கொண்டு 8:25க்கு. 7:52க்கு வந்தது 46 நிமிடம் கழித்து 8:38க்கு. சரியாக 8 மணிக்கு ஒருவர் புதிதாக ஆர்டர் கொடுக்கிறார். அவருக்கு என்ன நேரம் காட்டுவது?

இதற்கு மாடல் கேட்பது, கடந்த ஒரு மணி நேரத்தின் சராசரித் தயாரிப்பு நேரம்.

சில வாரங்கள் கழித்து, பயிற்சித் தரவைத் தயாரிக்கும் பொறியாளர் தரவுக் கிடங்கைத் திறக்கிறார். அங்கே ஆறு ஆர்டர்களும் முழுமையாக இருக்கின்றன. எப்போது வந்தது, எப்போது தயாரானது என்பதெல்லாம் ஒரே வரிசையில் பதிவாகியிருக்கிறது. 7 முதல் 8 மணிக்குள் வந்த ஆர்டர்களின் சராசரியை எடு என்று எழுதுகிறார். 15, 18, 20, 35, 40, 46. மொத்தம் 174. ஆறால் வகுத்தால் 29 நிமிடம்.

ஆனால் அன்று இரவு 8 மணிக்கு, நேரலையில் ஓடிய நிரலுக்கு இந்த ஆறும் தெரியாது. அப்போது சமைத்து முடிந்திருந்தவை முதல் மூன்று மட்டும்தான். மற்ற மூன்றும் அடுப்பில் இருந்தன. அவை எத்தனை நிமிடம் பிடிக்கும் என்பது உணவகத்துக்கே தெரியாது. ஆகவே நேரலைச் சராசரி 15, 18, 20 என்ற மூன்றின் சராசரி. ஏறக்குறைய 18 நிமிடம்.

ஒரே உணவகம், ஒரே மணி, ஒரே பெயருள்ள ஃபீச்சர். ஓரிடத்தில் 29, இன்னோரிடத்தில் 18.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். பயிற்சியில் மாடல் ஒரு பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டது: ஒரு மணி நேரச் சராசரி 29 என்று வந்தால் சமையலறை திணறுகிறது, அடுத்த ஆர்டர் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. 18 என்று வந்தால் சமையலறை சும்மா இருக்கிறது, அடுத்தது இருபது நிமிடத்தில் முடியும். கற்றது தவறில்லை. ஆனால் நேரலையில் அந்த 29 என்ற எண் 8 மணிக்கு அதன் கைக்கு வராது. கூட்டம் ஏற ஏற, முடியாமல் தேங்கி நிற்பவை நீண்ட நேரம் பிடிக்கும் ஆர்டர்கள்தான். கணக்குக்குள் வருபவை சீக்கிரம் முடிந்த ஆர்டர்கள் மட்டும். சமையலறை மூச்சுத் திணறும் நேரத்தில்தான் மாடலின் காதில், எல்லாம் நன்றாக ஓடுகிறது என்ற செய்தி விழுகிறது. பிற்பகல் 3 மணிக்கு இந்தக் கோளாறு தெரியாது. வந்த ஆர்டரெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் வேளை அது. இரண்டு கணக்குக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. இரவு எட்டு மணிக்கு, அதிகம் பேர் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போதுதான் கோளாறு முழு உயரத்துக்கு எழுந்து நிற்கும்.

சோதனையில் இது ஏன் பிடிபடவில்லை? சோதனைக்கு எடுத்துவைத்த ஆர்டர்களும் அதே கிடங்கிலிருந்து, அதே வினவலால் எடுக்கப்பட்டவை. பயிற்சியில் எட்டிப் பார்த்த எதிர்காலத்தைச் சோதனையும் எட்டிப் பார்த்தது. 8 மணிக்குக் கிடைக்க வேண்டிய ஃபீச்சருக்குள் 8:38க்கு நடந்த ஒரு சம்பவம் கசிந்து வந்துவிட்டது. இப்படி எடுத்த மதிப்பெண் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், நேரலையில் மாடல் என்ன செய்யும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

நிரலில் பார்த்தால் ஒரே ஒரு சொல்தான் வேறுபடும்:

```sql
-- முதலில் எழுதியது
SELECT AVG(prep_min) FROM orders
WHERE restaurant_id = :r
  AND placed_at >= :t - INTERVAL '1 hour'
  AND placed_at <  :t;

-- திருத்தியது
SELECT AVG(prep_min) FROM orders
WHERE restaurant_id = :r
  AND ready_at >= :t - INTERVAL '1 hour'
  AND ready_at <  :t;
```

ஆர்டர் வந்த நேரத்தை வைத்துத் தேடுவதற்குப் பதிலாக, தயாரான நேரத்தை வைத்துத் தேட வேண்டும். தயாரான பிறகுதான் அந்த எண்ணே பிறக்கிறது. இதையும் இன்னும் கறாராகச் செய்பவர்கள் உண்டு. உணவகத்தில் ஊழியர் ‘தயார்’ பொத்தானை அழுத்திய நேரம் ஒன்று. அந்தச் செய்தி நிறுவனத்தின் சர்வருக்கு வந்துசேர்ந்த நேரம் வேறு. நெட்வொர்க் மந்தமானால் இரண்டுக்கும் இடையே சில நிமிடங்கள் ஓடிவிடும். மாடலுக்குத் தெரியவந்தது இரண்டாவது நேரத்தில்தான். ஆகவே பயிற்சித் தரவும் அந்த இரண்டாவது நேரத்தையே பின்பற்ற வேண்டும்.

திருத்திய பிறகு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. அதை முன்கூட்டியே அறிந்திருக்காத குழு பயந்து பின்வாங்கிவிடும். மாடலை மறுபடி பயிற்றுவித்துச் சோதித்தால் மதிப்பெண் முன்பைவிடக் குறையும். குறையத்தான் வேண்டும், முன்பு கிடைத்தது எதிர்காலத்தைப் பார்த்து எழுதிய விடைக்கான மதிப்பெண். திருத்திய ஃபீச்சரும் உண்மையில் அவ்வளவு திறமையானதில்லை. 8 மணிக்கு அது 18 என்றுதான் சொல்கிறது, நெரிசலைக் காட்டுவதில்லை. ஆனால் இப்போது பயிற்சியிலும் அது 18 என்றே சொல்வதால், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை மாடல் தானே கற்றுக்கொள்ளும். பொறியாளருக்கும் ஒரு கேள்வி எழும்: 8 மணிக்கு நெரிசலைக் காட்டக்கூடிய, அப்போதே கைவசம் இருக்கும் தகவல் வேறென்ன? அடுப்பில் மூன்று ஆர்டர்கள் நிற்கின்றன. அவை ஏற்கெனவே 22, 15, 8 நிமிடங்கள் காத்திருந்துவிட்டன. இது 8 மணிக்கே தெரியும். முடிந்தவற்றின் சராசரியைவிட, முடியாதவற்றின் எண்ணிக்கை சமையலறையின் நிலைமையை நன்றாகச் சொல்லும். கசிவை அடைத்த பிறகுதான் இந்தத் தேவையே கண்ணில் படுகிறது.

எண் பிரிவதற்கு இன்னொரு வழி, ஒன்றுமே இல்லாத இடம். மதியம் 3 மணிக்கு அந்த உணவகத்தில் கடந்த ஒரு மணி நேரத்தில் ஓர் ஆர்டரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சராசரி எடுக்க எதுவும் இல்லை. கிடங்கில் அந்த இடம் வெற்றாக வருகிறது. பயிற்சிக்குழு அதில் ஏழு நாள் சராசரியைப் போட்டு நிரப்புகிறது. நேரலை நிரலை எழுதியது வேறு குழு. அவர்கள் வெற்றிடத்தைச் சுழியம் ஆக்கிவிட்டார்கள். ஒரு பிரியாணிக்கடை பூஜ்ஜிய நிமிடத்தில் சமைக்கிறது என்ற செய்தியை மாடல் தன் வாழ்நாளில் கண்டதில்லை. அதை என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. ஆனாலும் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிடும், ஏனென்றால் பதில் சொல்லாமல் இருக்க மாடலுக்கு வழியே இல்லை. சாதாரண மென்பொருளாக இருந்தால் இத்தகைய பிழையில் நிரல் முறிந்து விழும், யாராவது ஓடிவருவார்கள். மாடல் முறிவதில்லை, தரம் மட்டும் இறங்குகிறது. இந்த நோய் மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் கிடப்பதற்கு அதுவே காரணம்.

கூகுளிலேயே இது நடந்திருக்கிறது. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் 2017இல் நடந்த கேடிடி மாநாட்டில், டிஎஃப்எக்ஸ் என்ற தங்கள் தளத்தைப் பற்றிக் கூகுள் பொறியாளர்கள் ஓர் ஆய்வுக்கட்டுரை படைத்தார்கள். பிளே ஸ்டோரில் எந்த ஆப்பைப் பரிந்துரைக்கலாம் என்று முடிவு செய்யும் மாடல் அதில் உதாரணம். பயிற்சித் தரவின் புள்ளிவிவரத்தையும், அதே நாளின் நேரலைப் பதிவுகளின் புள்ளிவிவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சில ஃபீச்சர்கள் பயிற்சியில் எப்போதும் இருந்தன. நேரலைப் பதிவுகளில் ஒருபோதும் இல்லை. மாடல் நம்பியிருந்த சில எண்கள் அதற்கு வந்துசேரவே இல்லை. அந்த இடைவெளியைச் சரிசெய்ததும் ஸ்டோரின் முகப்புப் பக்கத்தில் ஆப் நிறுவும் விகிதம் 2% உயர்ந்தது என்று கட்டுரை சொல்கிறது. புதிய வழிமுறை எதையும் கண்டுபிடிக்காமல், ஏற்கெனவே இருந்த மாடலுக்குச் சேர வேண்டியதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததால் மட்டுமே கிடைத்த உயர்வு அது.

இந்தக் கோளாறுகளுக்கெல்லாம் அடியில் இருப்பது நிறுவனங்கள் வேலையைப் பிரித்துக்கொள்ளும் முறை. பயிற்சித் தரவைத் தயாரிப்பவர் பைத்தானிலோ எஸ்க்யூஎல்லிலோ எழுதுகிறார். அவருக்கு நேரம் இருக்கிறது. ஒரு வினவல் இரண்டு மணி நேரம் ஓடினாலும் பரவாயில்லை. நேரலையில் அதே ஃபீச்சரைச் சில மில்லி விநாடிகளில் கொடுத்தாக வேண்டும். ஆகவே அங்கே வேறொருவர், ஜாவா போன்ற வேறொரு மொழியில், அதையே மறுபடி எழுதுகிறார். ஒரு மணி நேரம் என்பதை ஒருவர் கடந்த அறுபது நிமிடங்கள் என்று புரிந்துகொள்வார், இன்னொருவர் கடிகாரத்தின் கடைசி முழு மணி என்று புரிந்துகொள்வார். ரத்தான ஆர்டர்களை ஒருவர் சேர்ப்பார், ஒருவர் விலக்குவார். ஒருவர் உள்ளூர் நேரத்தில் கணக்கிட, இன்னொருவர் சர்வதேச நேரத்தில் கணக்கிடுவார். இருவரும் தங்களளவில் சரியாகவே செய்திருப்பார்கள்.

ஃபீச்சர் ஸ்டோர் என்ற ஏற்பாடு இதற்காகத்தான் வந்தது. ஒரு ஃபீச்சரை ஓரிடத்தில், ஒரே முறை வரையறு. பயிற்சிக்கும் நேரலைக்கும் அங்கிருந்தே எடு. இவ்வளவுதான் அதன் அடிப்படை. ஊபரின் மைக்கேலாஞ்சலோவில் அது இரண்டு கிடங்குகளாக அமைந்திருந்தது. பழைய மதிப்புகளெல்லாம் தேதி நேரத்தோடு ஹெச்டிஎஃப்எஸ்ஸில் இருக்கும்; பயிற்சிக்கு அங்கிருந்து எடுப்பார்கள். ஒவ்வோர் உணவகத்தின் அண்மைய மதிப்பு கஸாண்ட்ரா என்ற தரவுத்தளத்தில் இருக்கும். ஆர்டர் வந்ததும் அங்கிருந்து எடுப்பார்கள். இப்படி கஸாண்ட்ராவிலிருந்து ஃபீச்சர் எடுக்க வேண்டிய மாடல்களும் நூற்றுக்கு 95 அழைப்புகளுக்கு 10 மில்லி விநாடிக்குள் பதில் சொல்லிவிடுவதாக 2017 கட்டுரை குறிப்பிடுகிறது. ஏழு நாள் சராசரி போன்றவற்றைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறையோ நாளுக்கு ஒருமுறையோ கணக்கிட்டுப் பழைய கிடங்கிலிருந்து புதியதற்கு ஏற்றினார்கள். ஒரு மணி நேரச் சராசரிக்கு அது போதாது. காஃப்கா வழியாக ஓடிவரும் சம்பவங்களைச் சாம்ஸா என்ற நிரல் அவ்வப்போது கூட்டிக் கஸாண்ட்ராவில் எழுதியது. அதே எண்ணை ஹெச்டிஎஃப்எஸ்ஸிலும் பதித்துவைத்தது. நேரலையில் மாடல் பார்த்த எண்தான் நாளைய பயிற்சிக்கும் போகும். அப்போதே அந்த ஸ்டோரில் சுமார் 10,000 ஃபீச்சர்கள் இருந்தன.

2019 ஜனவரியில், இந்தோனேசியாவின் கோஜெக் நிறுவனமும் கூகுள் கிளவுடும் சேர்ந்து ஃபீஸ்ட் என்ற ஃபீச்சர் ஸ்டோரைத் திறந்த மூலமாக வெளியிட்டன. இதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் அதில் தொடங்கலாம்.

ஃபீச்சர் ஸ்டோர் பயிற்சித் தரவைக் கோக்கும் விதம் கவனிக்கத்தக்கது. பழைய ஆர்டர்களின் பட்டியலை, ஒவ்வொன்றும் நடந்த நேரத்தோடு கொடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆர்டருக்கும் ஸ்டோர் பின்னோக்கித் தேடி, அந்த நேரத்துக்கு முன்பு பதிவான மதிப்புகளில் மிக அண்மையது எதுவோ அதை எடுத்து ஒட்டும். அதற்குப் பின் வந்தவற்றைத் தொடாது. இதை பாயின்ட்-இன்-டைம் ஜாயின் என்கிறார்கள். இது இல்லாமல், இன்றைய மதிப்பு மட்டும் இருக்கும் ஒரு அட்டவணையைப் போன மாத ஆர்டர்களோடு சேர்த்துவிடுவது எளிதாக நடக்கும் தவறு. மார்ச்சில் ஒரே சமையல்காரரோடு தடுமாறிய உணவகம், ஜூனில் இன்னொருவரைச் சேர்த்து வேகம் பிடித்திருக்கும். அட்டவணையில் ஜூன் எண் மட்டும் இருந்தால், மார்ச்சின் தாமதங்களுக்கும் மாடல் அந்த ஜூன் எண்ணையே காரணமாகப் படிக்கும்.

ஆனால் ஃபீச்சர் ஸ்டோரை வாங்கி வைத்துவிட்டால் நோய் தீர்ந்தது என்று நம்புவது ஆபத்து. மேலே பார்த்த 29 நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். அந்தச் சராசரியைக் கிடங்கிலிருந்து கணக்கிட்டு, 8 மணி என்ற முத்திரையோடு ஒருவர் ஸ்டோருக்குள் ஏற்றுகிறார். ஸ்டோர் முத்திரையை நம்பும். 8 மணி ஆர்டருக்கு மிக அண்மைய மதிப்பு என்று அதையே எடுத்துக் கொடுக்கும். பின்னோக்கித் தேடும் வேலை பிசகின்றி நடக்கும், கசிவும் அப்படியே இருக்கும். எண் எப்போது அறியவந்தது என்பதை அதை உருவாக்கியவர்தான் சொல்ல வேண்டும். அதை ஸ்டோர் கண்டுபிடித்துத் தராது. இன்னொரு வரம்பும் உண்டு. நேரலைக் கிடங்குக்கு மதிப்புகளை ஏற்றும் வேலை ஓரிரவு நின்றுபோனால், மாடல் நேற்றைய எண்ணை இன்றையது என்று எண்ணி வேலை செய்யும். பயிற்சித் தரவில் அந்தத் தாமதம் எங்கும் இருக்காது.

இதனால்தான் கூகுளின் மார்ட்டின் ஜின்கெவிச், மெஷின் லேர்னிங் பொறியாளர்களுக்காகத் தொகுத்த விதிகளில் வேறொரு வழியை வலியுறுத்துகிறார். நேரலையில் மாடல் ஒவ்வொரு முறை பதில் சொல்லும்போதும் அதற்குக் கொடுத்த ஃபீச்சர் மதிப்புகளை அப்படியே பதிவு செய். பிறகு அந்தப் பதிவையே பயிற்சித் தரவாக்கு. மறுபடி கணக்கிடும் வேலையே இல்லாதபோது இரண்டு எண்களுக்கு இடமில்லை. யூடியூப் முகப்புப் பக்கம் இந்த முறைக்கு மாறியபோது தரமும் கணிசமாக உயர்ந்தது, நிரலின் சிக்கலும் குறைந்தது என்கிறார் அவர். எல்லாவற்றையும் பதிவு செய்ய முடியாவிட்டாலும் ஒரு சிறு பகுதியையாவது செய்யுங்கள் என்பது அவருடைய அறிவுரை.

விலை இல்லாமல் இல்லை. புதிதாக ஒரு ஃபீச்சரை இன்று யோசித்தால், அதற்குப் பதிவு இன்றிலிருந்துதான் சேரும். போதிய தரவு சேரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் பழைய சம்பவங்களை மறுபடி ஓட்டி, அந்த ஃபீச்சர் அன்று இருந்திருந்தால் என்ன மதிப்பு வந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். பேக்ஃபில் என்பது இதுதான். ஊபரும் இதற்கென்று கருவி வைத்திருந்தது. பேக்ஃபில் செய்த கணமே நாம் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுகிறோம்: நேரலையில் ஒரு கணக்கு, கிடங்கில் ஒரு கணக்கு. ஆகவே காத்திருப்பதா, பேக்ஃபில் செய்து சரிபார்ப்பதா என்பதை ஒவ்வொரு ஃபீச்சருக்கும் தனித்தனியாகத்தான் முடிவு செய்ய முடியும். ஏழு நாள் சராசரி போல மெதுவாக மாறுவதற்குப் பேக்ஃபில் பெரும்பாலும் பாதுகாப்பானது. ஒரு மணி நேரச் சராசரி போன்றவற்றில் காத்திருப்பதே மேல்.

சரிபார்ப்பது எப்படி? நேரலைப் பதிவிலிருந்து ஓர் ஆயிரம் ஆர்டர்களை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஆர்டர் எண் இருக்கிறது, மாடலைக் கேட்ட நேரம் இருக்கிறது, அப்போது கொடுத்த ஃபீச்சர் மதிப்புகள் இருக்கின்றன. அதே ஆர்டர் எண், அதே நேரத்துக்குக் கிடங்கு நிரலை ஓட்டி, வரும் மதிப்பைப் பக்கத்தில் வைக்க வேண்டும். பிறகு ஃபீச்சர் ஃபீச்சராக எத்தனை பொருந்துகின்றன என்று எண்ண வேண்டும். ஆர்டர் நேரமும் முகவரியும் முழுக்கப் பொருந்தும். ஒரு மணி நேரச் சராசரி பொருந்தாத இடங்களை மணிவாரியாகப் பிரித்தால் அவை இரவு உணவு வேளையில் குவிந்து கிடக்கும். நேரலையில் 18, கிடங்கில் 29 என்று ஒரே ஒரு வரியை எடுத்து, அந்த ஆறு ஆர்டர்களையும் கையால் எண்ணிப் பார்த்தால் காரணம் அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும்.

மொத்தப் புள்ளிவிவரத்தை மட்டும் ஒப்பிடுவது இந்த அளவுக்குக் கூர்மையாக இருக்காது. கூகுள் பிளேயில் நடந்தது போல ஒரு ஃபீச்சர் முழுக்கக் காணாமல் போயிருந்தால் அது உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் நாளின் பெரும்பகுதி பொருந்தி, இரண்டு மணி நேரம் மட்டும் பிசகும் ஃபீச்சரில், முழு நாள் சராசரிகள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நிற்கும். வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் பிசகு தெரியும்.

நெரிசலைக் காட்டுவதற்காகப் புதிதாகச் சேர்த்த ஃபீச்சரும், அதாவது அடுப்பில் நிற்கும் ஆர்டர்களின் எண்ணிக்கையும், இதே ஒப்பீட்டைக் கடந்துதான் வர வேண்டும். 8 மணிக்கு நேரலையில் மூன்று என்று பதிவாகியிருக்கிறது. 7:52 ஆர்டரை வாடிக்கையாளர் பொறுமையிழந்து 8:10க்கு ரத்து செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ரத்தான ஆர்டர்களைக் கிடங்கு இரவோடிரவாக நீக்கிவிடும் வழக்கம் அந்த நிறுவனத்தில் இருந்தால், அங்கே எண்ணும்போது இரண்டுதான் வரும். நெரிசல் கூடும்போதுதான் ரத்தும் கூடும் என்பதால், இந்தப் பிசகும் அதே இரவு எட்டு மணியில்தான் போய்க் குவியும். கிடங்கைப் பராமரிக்கும் குழுவிடம் பேசி, ரத்தான வரிகளை நீக்காமல், ரத்தான நேரத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அதன் பிறகு வரும் ஆர்டர்களிலிருந்துதான் இந்த ஃபீச்சருக்கு நம்பத்தக்க பயிற்சித் தரவு சேரத் தொடங்கும்.